மோதிரம் போட்டாச்சு, வான் காசு?

*கல்யாணம் முடிந்து ஆறு கிழமை. தோழனாக நின்று கால் கழுவிய தம்பிக்கு அன்றே மோதிரம் போட்டாச்சு. என்னோடு நின்ற மூன்று சிநேகிதிகளுக்கும், ஓடித்திரிந்த சொந்தக்காரருக்கும் எங்கள் படம் போட்ட கோப்பை அடிக்க யோசிக்கிறோம். பெரியம்மாவின் மகன் அண்ணாவுக்குக் கொஞ்சம் பெரிதாக ஏதாவது கொடுக்க வேண்டும். வானுக்கும் பூவுக்கும் அவர்தான் காசு கட்டினார், இன்னும் கேட்கவில்லை. அடுத்த மாதம் கனடா போகிறோம். என்ன வாங்கலாம்? — வெள்ளவத்தை வாசகி*

"இன்னும் கேட்கவில்லை" என்கிறீர்களே தங்கச்சி, அவர் எப்படிக் கேட்பார்? அண்ணன் முறைக்காரன் தங்கச்சியிடம் வான் காசு கேட்பானா? ஆறு கிழமையாக உங்கள் கல்யாணக் கடனை அவர் சுமக்கிறார், நீங்கள் அவருக்குப் பரிசு தேடுகிறீர்கள். என்ன வாங்கிக் கொடுத்தாலும் அது அவருடைய காசிலேயே வாங்கியதாகத்தான் இருக்கும்.

அவரிடம் கணக்குக் கேட்காதீர்கள். "அதை விடு" என்பார், நீங்களும் விட்டுவிடுவீர்கள். வான்காரரிடமும் பூக்கடையிலும் நீங்களே விசாரியுங்கள். கட்டுநாயக்கவுக்கு இரவில் ஆட்களை ஏற்றப் போன ஓட்டம், மாலை, கொண்டைப் பூ, டிரைவருக்குக் கையில் கொடுத்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகையை வெறும் உறையில் வையுங்கள். மொய்யில் வைப்பதுபோல ஒரு ரூபாய்க் குத்தியை அதில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அது அன்பளிப்பாகிவிடும், அவர் திருப்பித் தருவார். தாளையும் காட்டி, "இது கடன் அண்ணா" என்று சொல்லிக் கொடுங்கள்.

பரிசை அன்று கொண்டுபோகாதீர்கள். இரண்டு மூன்று நாள் விட்டு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், அவருக்கு வேட்டி சால்வையும் பெரியம்மாவுக்கு ஒரு சேலையும் தட்டில் வெற்றிலை பாக்கோடு கொடுங்கள். மாப்பிள்ளை வராமல் நீங்கள் மட்டும் போனால் அது உங்கள் வீட்டு விஷயமாகவே நின்றுவிடும். அண்ணா ஓடியது இரண்டு வீட்டுக்கும்தானே.

கோப்பையை விட்டுவிடுங்கள். வேறொரு சோடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யார் தினமும் தேத்தண்ணி குடிப்பார்கள்? என் வீட்டு அலுமாரியில் அப்படி நாலு இருக்கின்றன, பேனை போட்டு வைத்திருக்கிறேன்.

சிநேகிதிகள் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். ஒரே நிறச் சேலையை நீங்கள் சொல்ல, அவர்கள் தங்கள் காசில் வாங்கினார்களா? அப்படியென்றால் அவர்களுக்கும் முதலில் சேலைக் காசு, சட்டை தைத்த கூலி. அந்த நிறத்தில் இன்னொரு தரம் உடுத்தப்போவது யார்? அப்புறம் ஆளுக்கொரு சின்ன வெள்ளித் தோடு போதும். மூன்றும் ஒரே மாதிரி இருக்கட்டும், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கதை வரும்.

தம்பியின் மோதிரம் சடங்குக்குப் போட்டது. அதைப் பட்டியலில் எழுதிக் கழிக்க வேண்டாம். அவனை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிப் போங்கள்.

கனடாவுக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்னால், இன்றைக்கே வான்காரருக்குப் போன் எடுங்கள்.