கிழமைக்கு 24 மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு எவ்வளவு?

"அண்ணா, பாரிஸுக்கு வந்து ஐந்து மாதம். ஒரு உணவகத்தில் பாதிநேர வேலை. கொன்ட்ராவில், அதாவது வேலை ஒப்பந்தத்தில், கிழமைக்கு 24 மணித்தியாலம் என்று இருக்கிறது. சம்பளச் சிட்டையில் 96 மணித்தியாலம் போடுகிறார்கள். 24ஐ நாலால் பெருக்கினால் சரியாகத்தான் வருகிறது. கூட வேலை செய்பவர் 104 வரவேண்டும் என்கிறார். எது சரி?"

தம்பி, கூட வேலை செய்பவர் சொல்வதுதான் சரி. கிழமைக்கு 24 என்று கொன்ட்ராவில் எழுதியிருந்தால் மாதத்துக்கு 104.

நாலு கிழமை என்றால் 28 நாள். பிப்ரவரியைத் தவிர எந்த மாதமும் அதோடு முடிவதில்லை. மாதத்துக்கு நாலு என்று பிடித்தால் 12 மாதத்துக்கு 48 கிழமைதான் வரும். வருடத்தில் இருப்பதோ 52. மிச்ச நாலு கிழமையும் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், ஆனால் அது எந்த மாதத்துச் சிட்டையிலும் ஏறுவதில்லை. அதனால் இங்கே முதலில் வருடத்துக்குக் கணக்குப் பார்த்து, பிறகு 12ஆல் பிரிப்பார்கள்: 24 × 52 = 1248, அதை 12ஆல் பிரித்தால் 104. கிழமைக்கு 35 மணித்தியாலம் என்று முழுநேரம் வேலை செய்யும் ஒருவருடைய சிட்டையை வாங்கிப் பாருங்கள், 151.67 என்று ஒரு எண் நிற்கும். அதுவும் இதே கணக்குத்தான்: 35 × 52 ÷ 12. நாலால் பெருக்கியிருந்தால் 140 என்றுதான் வந்திருக்கும்.

இனிக் காசு. உங்கள் மணித்தியாலச் சம்பளம் எனக்குத் தெரியாது. 2024 நவம்பரில் சட்டப்படி வைத்த குறைந்தபட்சச் சம்பளமான 11.88 யூரோவை எடுக்கிறேன். நீங்கள் உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். பிடித்தங்களுக்கு முன், 96 மணித்தியாலத்துக்கு 1140.48 யூரோ. 104க்கு 1235.52. மாதத்துக்கு 95.04 யூரோ குறைகிறது. அதை 12ஆல் பெருக்குங்கள், 1140.48 வரும். அதாவது இப்போது உங்களுக்குத் தரும் ஒரு முழு மாதச் சம்பளம், அப்படியே வருடா வருடம் போகிறது.

நான் வந்த புதிதில் எனக்கும் இதே கதை. கிழமைக்கு 30 மணித்தியாலம், சிட்டையில் 120. எனக்குச் சந்தேகமே வரவில்லை. போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. மூன்று மாதத்தைச் சேர்த்துக் கூட்டியபோது 390 வந்தது, சிட்டைகளில் 360. 30 மணித்தியாலம் எங்கே போனது என்று இரண்டு இரவு அந்தக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று மாதம் என்பது 13 கிழமை, 12 இல்லை என்பது அப்புறம்தான் பிடிபட்டது.

முதலாளியிடம் போனால் ஒரு பதில் வரலாம்: "வருடத்தில் ஐந்து கிழமை லீவு இருக்கிறது, அதைக் கழிக்க வேண்டும்." கழிக்கக் கூடாது. அது சம்பளத்தோடு கூடிய லீவு, 52க்குள் அதுவும் அடக்கம். அதேபோல் பிப்ரவரியில் குறைவு, மார்ச்சில் கூட என்றும் வராது. கொன்ட்ராவில் நிலையான மணித்தியாலம் இருந்தால் மாதச் சம்பளம் எல்லா மாதமும் ஒன்றுதான். இடையில் வேலைக்குச் சேர்ந்த மாதம், சம்பளமில்லாமல் நின்ற நாள், கூடுதலாகச் செய்த மணித்தியாலம், இவற்றால்தான் மாறும். அழைத்த நாளில் மட்டும் போய்ச் செய்யும் எக்ஸ்ட்ரா வேலைக்கு இந்தக் கணக்கே வேண்டாம், செய்த மணித்தியாலத்தை எண்ணிக் கொடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். கொன்ட்ராவில் கிழமைக் கணக்கு இல்லாமல் "மாதத்துக்கு 96" என்று மட்டும் எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் திருப்பிக் கணக்குப் போட வேண்டும்: 96 × 12 ÷ 52, கிழமைக்கு 22 மணித்தியாலமும் கொஞ்சமும். அந்த நிலையில் சிட்டை பிழையில்லை. ஆனால் நீங்கள் 24 செய்தால், மேலதிகமான கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலத்தைக் கூடுதல் மணித்தியாலமாகத் தனியே காட்டி, உரிய உயர்வோடு தர வேண்டும்.

உங்களுடையதில் 24 என்று இருக்கிறது என்கிறீர்கள். கொன்ட்ராவின் அந்தப் பக்கத்தையும் ஐந்து சிட்டைகளையும் எடுத்துக்கொண்டு முதலில் கணக்குப் பார்ப்பவரிடம் போங்கள். முதலாளியிடம் சத்தம் போடத் தேவையில்லை. எனக்கு அவர்தான் ஒரே பார்வையில் பிழையைக் கண்டார், அடுத்த மாதச் சிட்டையில் நிலுவைச் சம்பளம் என்று தனி வரியாக வந்தது. மறுத்தால் எழுத்தில், பதிவுத் தபாலில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழில் நீதிமன்றம் இருக்கிறது, ப்ருதோம் என்பார்கள். சம்பள பாக்கியை மூன்று வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம், ஆகவே ஒரு சிட்டையையும் எறிந்துவிடாதீர்கள். உங்களுக்கு இப்போதைக்கு ஐந்து மாதம், 40 மணித்தியாலம்.