என்க்ளெக்ஸ் கேஸ் ஸ்டடி: ஷிஃப்டோடு எப்படிப் படிப்பது?

"மதுரையில் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்க்ளெக்ஸ் தேர்வின் கேஸ் ஸ்டடிக்கு எப்படித் தயாராவது?"

உங்கள் வார்டையே பாடமாக்குங்கள். 2023 ஏப்ரலில் வந்த புது முறையில் ஒரே நோயாளியைப் பற்றி 6 கேள்விகள் வரும். எந்த அறிகுறி முக்கியம் என்று தொடங்கி, செய்த சிகிச்சை பலித்ததா என்பதில் முடியும். டியூட்டி முடிந்ததும் ஒரு நோயாளியை மட்டும், பெயர் இல்லாமல், இந்த வரிசையில் எழுதிப் பாருங்கள்.

ஒருவருக்குச் சர்க்கரை 480, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருக்கிறது, பொட்டாசியம் 2.9 என்று வைத்துக்கொள்வோம். கை இன்சுலினுக்குத்தான் போகும். ஆனால் இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளி இன்னும் குறைத்துவிடும். இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் முதலில் சலைன், சிறுநீர் போகிறதா என்று பார்த்துப் பொட்டாசியம், அது ஏறிய பிறகே இன்சுலின். டாக்டர் ஆர்டரை அப்படியே செய்து பழகிய நாம் சறுக்குவது இங்கேதான். 'இந்த ஆர்டரை நிறுத்தி, டாக்டரைக் கேள்' என்பதே விடையாக இருக்கலாம்.

அப்புறம், பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறானதைத் தொட்டால் கிடைத்த மதிப்பெண்ணும் குறையும். சந்தேகமானதை விட்டுவிடுங்கள்.

நைட் முடிந்த காலையில் படிக்காதீர்கள், தூங்குங்கள். முழு கேஸ்களை மார்னிங் ஷிஃப்ட் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.