தீபாவளிக் கணக்கை ஆடிக்குப் போடலாமா?

கேள்வி: காரைக்குடியில் சின்னப் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு தேன்குழலுக்கு "2 வாங்கினால் 1 இலவசம்" போட்டதில் ஒரே வாரத்தில் 600 பாக்கெட் போனது. அதை நம்பி ஆடிக்கும் அதே ஆஃபருக்கு 600 போட்டேன். 200-க்கு மேல் தேங்கிவிட்டது. ஆஃபருக்கு எவ்வளவு சரக்கு போடுவது என்று எப்படிக் கணிப்பது?

பதில்:

நான் தேவகோட்டையில் அதே தொழில். இதே ஆஃபரில் நானும் கையைச் சுட்டுக்கொண்டவன்தான், அதனால் என் நோட்டில் இருக்கும் கணக்கையே சொல்கிறேன்.

உங்கள் 600-ஐ முதலில் பிரித்துப் பாருங்கள். ஆஃபரே போடாத ஒரு தீபாவளி வாரத்துப் பில்லைத் தேடி எடுங்கள். அதில் 350 போயிருந்தால் ஆஃபர் கொண்டுவந்தது 250தான், மிச்சம் தீபாவளி கொண்டுவந்தது. ஆடியில் அந்த 350 எங்கிருந்து வரும்? நம் பக்கம் கல்யாணமே இல்லாத மாதம் அது. ஆஃபர் இல்லாமலே போகிற விற்பனை தனி, ஆஃபரால் கூடுகிற விற்பனை தனி. முன்னதை அடிப்படை என்றும் பின்னதை ஏற்றம் என்றும் வைத்துக்கொள்வோம். கம்பெனிக்காரர்கள் பேஸ், அப்லிஃப்ட் என்பார்கள்.

அடிப்படையைக் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு நிறையத் தவறு நடந்தது. முதல் தடவை ஆடி ஆஃபருக்கு முந்தைய 8 வார விற்பனையை எடுத்தேன்: 118, 122, 310, 115, 125, 60, 120, 120. சராசரி போட்டால் 136 வருகிறது. ஆனால் அந்த 310-ல் ஆனி மாதக் கல்யாண ஆர்டர் ஒன்று, 190 பாக்கெட், ஒளிந்திருந்தது. அதைக் கழித்தால் 120. அந்த 60-ம் பொய்தான். அந்த வாரம் வியாழக்கிழமையே சரக்கு தீர்ந்துபோனது, கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். சரக்கு இல்லாத நாளில் விற்காதது ஆள் வராததாக ஆகாது, அதனால் அந்த வாரத்தையே தூக்கிவிட்டேன். மிச்சமிருந்த 7 வாரத்துக்கு எக்செல்லில் `=MEDIAN(B2:B8)` போட்டதும் 120 வந்தது. பழைய ஆஃபர் வாரங்களையும் அதை ஒட்டிவரும் இரண்டு மூன்று வாரங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஆஃபர் வாரத்தில் 390 பாக்கெட் போனது. 260-க்குக் காசு, 130 இலவசம். பில் மெஷினில் இலவசம் தனி வரியில் விழும், அதையும் கூட்ட மறக்காதீர்கள், அடுப்பில் பொரித்தது மொத்தமும்தானே. 390-லிருந்து 120 போக ஏற்றம் 270. நான் குதித்தேன்.

எங்கள் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி குதிக்கவில்லை. "இந்த வாரம் மூணு பாக்கெட் தூக்கிட்டுப் போனவுக அடுத்த வாரமும் வந்து வாங்குவாகளாப்பா? வயிறு ஒண்ணுதானே" என்றார். நான் கேட்காமல் வழக்கம்போல வாரம் 120 போடச் சொன்னேன். அடுத்த மூன்று வாரம் விற்றது 70, 85, 110. நான்காவது வாரம்தான் 120-க்குத் திரும்பியது. மூன்று வாரத்துக்கு 360 போட்டு 265 விற்றால் 95 மிச்சம்.

இந்த 95-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆஃபர் வாரத்துக்கு நான் ஒரு பாக்கெட்கூட அதிகம் போடவில்லை, 390 போட்டு 390-ம் விற்றது. தேங்கியது முழுக்க ஆஃபர் முடிந்த பிறகு போட்ட சரக்கு. உங்கள் 200-லும் ஒரு பகுதி இப்படி வந்ததாக இருக்கலாம், பாக்கெட்டில் இருக்கும் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். தேன்குழலுக்கு நான் 30 நாள் கெடு போடுகிறேன், அதற்குமேல் சிக்கு வாடை வந்துவிடும். கெடு நெருங்கிய சரக்கைத் தள்ள இன்னொரு ஆஃபர் போட்டால், அது மறுபடி வரும் வாரங்களைத் தின்னும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அதே ஆஃபர் வாரத்தில் எங்கள் கைமுறுக்கு 80-லிருந்து 45-க்கு இறங்கியது. முறுக்கு வாங்க வந்தவர்கள் தேன்குழலுக்கு மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதனால் ஆஃபர் வாரத்தில் பக்கத்துச் சரக்கையும் குறைத்துப் போட வேண்டும். இல்லையென்றால் தேன்குழல் காலியாகும், முறுக்கு தேங்கும்.

சரி, அடுத்த வருஷ ஆடிக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். அதே ஆஃபர், அதே ஏழு நாள், வெள்ளிக்கிழமை தொடக்கம். அடிப்படையை மறுபடி பார்த்தேன், 120-லேயே இருந்தது. அப்படியானால் உச்சம் 390 என்று வைத்துக்கொண்டு, முதலில் 240 மட்டும் பொரித்தேன். மிச்சத்துக்கு மாவாக வைத்துக்கொண்டேன். மாவாக இருக்கும்வரை அது முறுக்காகவும் மாறும், பொரித்த பிறகு அதற்கு வேறு வழியில்லை. கவரிலும் ஆஃபரை அச்சடிக்கவில்லை, ஸ்டிக்கர் ஒட்டினேன். அச்சடித்த கவர் மிஞ்சினால் அதுவும் தேங்கிய சரக்குதான்.

முதல் வருஷப் பில்லை நாள்வாரியாகப் பார்த்ததில் வெள்ளி, சனி இரண்டு நாளில் 165 போயிருந்தது, அதாவது வாரத்தில் 42 சதவீதம். இந்தத் தடவை அந்த இரண்டு நாளில் 130தான் போனது. 130-ஐ 0.42-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 310. ஞாயிறு காலையில் இன்னும் 70 மட்டும் பொரிக்கச் சொன்னேன். வார முடிவில் 302 விற்று 8 மிஞ்சியது. ஏற்றம் 182. முதல் வருஷம் ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் பின்வாரங்களில் கழிந்ததால், இந்தத் தடவை 60 குறைத்தேன்: 90, 100, 110. முதல் வாரத்து 90-ல் அந்த 8-ஐயும் சேர்த்துக்கொண்டேன். மூன்று வார முடிவில் அலமாரியில் 5 பாக்கெட் இருந்தது.

இதற்கு ஒரு எல்லை உண்டு. ஒரே ஒரு ஆஃபரை வைத்து வந்த விகிதம் அதே மாதிரி ஆஃபருக்கு மட்டும்தான் பொருந்தும். 10 சதவீதத் தள்ளுபடிக்கு இந்த 270-ஐ எடுத்துப் போடாதீர்கள், அதில் யாரும் மூன்று பாக்கெட் தூக்க மாட்டார்கள். ஆஃபர் வாரத்தில் சரக்கு முன்னாலேயே தீர்ந்திருந்தால் அந்த எண்ணும் குறைபட்டதுதான். கடைசிப் பாக்கெட் எந்த நாள், எத்தனை மணிக்குப் பில் ஆனது என்று பார்த்தால் தெரியும்.

ஆஃபர் போடுவதே லாபமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் முதல் வருஷக் கணக்கை ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். ஆஃபர் இல்லாவிட்டால் நாலு வாரத்தில் தேன்குழல் 480, அந்த ஆஃபர் வாரத்து முறுக்கு 80, ஆக 560 பாக்கெட்டுக்குக் காசு வந்திருக்கும். ஆஃபர் போட்டதில் காசு வந்தது 260, 265, 45, ஆக 570-க்கு. எங்களிடம் இரண்டும் ஒரே விலைதான். 10 பாக்கெட் கூடுதலாக விற்க 130 பாக்கெட்டைச் சும்மா கொடுத்திருக்கிறேன். ஆச்சியிடம் இந்தக் கணக்கை நான் இன்னும் காட்டவில்லை.