ஐபி மாறிக்கொண்டே இருக்கிறதா? சந்தா கட்டும் முன் ரூட்டரைத் திறந்து பாருங்கள்

கேள்வி: வீட்டில் ஒரு ராஸ்பெரி பை-யில் நெக்ஸ்ட்கிளவுட் போட்டுக் குடும்பப் படங்களை வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்க ஒரு டொமைனும் வாங்கிவிட்டேன். ஆனால் கரண்ட் போய் வந்தால் ஐபி முகவரி மாறிவிடுகிறது, பெயர் வேலை செய்வதில்லை. மாதக் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்கள் என்கிறார் இணைய இணைப்புக்காரர். டைனமிக் டிஎன்எஸ் சந்தா எடுத்தால் போதும் என்கிறார் நண்பர். எதற்குப் பணம் கட்டுவது?

— வாசகர், கோவை

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் கட்ட வேண்டாம். முதலில் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, WAN என்றோ Internet Status என்றோ இருக்கும் இடத்தில் காட்டும் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பை-யில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
curl -4 https://ifconfig.me
```

வெளியுலகம் உங்களை எந்த முகவரியில் பார்க்கிறது என்பதை இந்த வரி சொல்லும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் பொது முகவரி இருக்கிறது. அது மாறினாலும் கவலை இல்லை, டைனமிக் டிஎன்எஸ் பார்த்துக்கொள்ளும். இரண்டும் வேறாக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி, உதாரணமாக 100.72.15.9 என்று இருந்தால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். சிஜி-நாட் என்பது இதைத்தான். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168 என்று தொடங்கினால் மட்டும் உடனே முடிவு கட்டாதீர்கள். நீங்கள் வாங்கிய ரூட்டருக்கு முன்னால் நிறுவனம் வைத்த ஃபைபர் பெட்டி இன்னொரு ரூட்டராக ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அந்தப் பெட்டியின் பக்கத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சிஜி-நாட்டுக்குப் பின்னால் இருப்பவருக்கு எந்த டைனமிக் டிஎன்எஸ் சந்தாவும் உதவாது. ஒரு பெயர் இன்றைக்கு எந்த முகவரி என்று சொல்வது மட்டும்தான் அந்தச் சேவையின் வேலை. முகவரி சரியாகவே இருந்தாலும், அங்கே வந்து சேரும் இணைப்பை நிறுவனத்தின் கருவி உங்கள் வீட்டுப் பக்கம் தள்ளிவிடாது. நீங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அதுதான் நிலை. சந்தா விற்பவர்களின் விளம்பரப் பக்கத்தில் இது பெரிய எழுத்தில் இருப்பதில்லை.

சரி, உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் போய் வந்ததும் மாறுகிறது என்று நீங்கள் சொல்வது, ரூட்டர் மறுபடி இணையும்போது புது முகவரி கிடைக்கும் வழக்கமான ஏற்பாடு போலத்தான் தெரிகிறது. இதற்கு இலவசச் சேவையே போதும். நான் சொல்வது டக்டிஎன்எஸ். duckdns.org தளத்தில் நுழைந்து ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டால், கூடவே ஒரு நீளமான டோக்கன் தருவார்கள். பை-யில் `crontab -e` கொடுத்து இந்த ஒரு வரியைச் சேருங்கள். பெயரும் டோக்கனும் உங்களுடையவை:

```
*/5 * * * * curl -4 -s -o /tmp/duck.log "https://www.duckdns.org/update?domains=ungal-peyar&token=TOKEN&ip="
```

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பை அந்தத் தளத்தைத் தட்டும். `ip=` என்பதைக் காலியாக விட்டிருப்பதால், கோரிக்கை எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதையே தளம் பதிந்துகொள்ளும். `/tmp/duck.log` கோப்பில் `OK` என்று இருந்தால் ஏற்றுக்கொண்டது, `KO` என்று இருந்தால் பெயரிலோ டோக்கனிலோ பிழை. பதிவின் ஆயுள் 60 வினாடி என்பதால், முகவரி மாறிய ஆறேழு நிமிடத்துக்குள் பொதுவாக எல்லாம் சரியாகிவிடும். அந்த டோக்கனைக் கடவுச்சொல் மாதிரி பத்திரமாக வையுங்கள். அது கிடைத்தவர் உங்கள் பெயரைத் தனக்கு வேண்டிய முகவரிக்குத் திருப்பிவிடலாம். உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

வாங்கிய டொமைன் வீணாகாது. டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் `padam` என்ற துணைப்பெயருக்கு ஒரு `CNAME` பதிவு போட்டு, அதை `ungal-peyar.duckdns.org` பக்கம் திருப்பிவிடுங்கள். இனி வீட்டில் எல்லோரும் உங்கள் டொமைன் பெயரையே அடிப்பார்கள், மாறுவதெல்லாம் பின்னால் டக்டிஎன்எஸ்ஸில் மட்டும். நாளைக்கு அந்தச் சேவை நின்றுபோனாலும் இந்த ஒரு பதிவை மாற்றினால் போதும். துணைப்பெயர் இல்லாமல் வெறும் டொமைனுக்கே `CNAME` போட முயலாதீர்கள், டிஎன்எஸ் விதிப்படி அது கூடாது. நெக்ஸ்ட்கிளவுடின் `config.php` கோப்பில் `trusted_domains` பட்டியலில் இந்தப் புதுப் பெயரையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் `Access through untrusted domain` என்று வந்து நிற்கும். பலர் அதைப் பார்த்ததும் டிஎன்எஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து அதையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அந்த வரி வந்தாலே பெயர், முகவரி, போர்ட் எல்லாம் சரி.

ரூட்டரில் செய்ய வேண்டியது இரண்டு. பை-க்கு வீட்டுக்குள் எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி ஒதுக்கி வையுங்கள். வெளியிலிருந்து 443 போர்ட்டுக்கு வருவதை அந்த முகவரிக்குத் திருப்புங்கள். ரூட்டரிலேயே DDNS என்று ஒரு மெனு இருக்கும், அதை நான் நம்புவதில்லை. அதில் இரண்டு மூன்று சேவைகள்தான் இருக்கும். சிஜி-நாட் வீட்டில் அது 100.72 முகவரியையே கொண்டுபோய்ப் பதிந்துவிட்டு, வெற்றி என்று பச்சை விளக்கும் காட்டக்கூடும்.

சோதிக்கும்போது கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வைஃபையிலிருந்து தன் பொது முகவரிக்கே போய்த் திரும்பி வரும் இணைப்பைப் பல ரூட்டர்கள் அனுமதிப்பதில்லை. வெளியே வேலை செய்து வீட்டுக்குள் மட்டும் செய்யாவிட்டால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். எங்கேயும் வேலை செய்யாவிட்டால் இதை ஓட்டுங்கள்:

```
nslookup ungal-peyar.duckdns.org 1.1.1.1
```

இதில் வரும் முகவரியும் முன்பு `curl` காட்டிய முகவரியும் ஒன்றாக இருந்தால் டிஎன்எஸ் தன் வேலையைச் செய்துவிட்டது, குறை போர்ட் திருப்பியதில் இருக்கிறது. வேறாக இருந்தால் `duck.log` கோப்பைப் பாருங்கள். பை-யில் விபிஎன் ஏதாவது ஓடினால் விபிஎன்காரரின் முகவரியே பதிவாகியிருக்கும். லாகில் `OK` என்றுதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

இனி, நீங்கள் சிஜி-நாட்டில் இருந்தால்? நிறுவனத்திடம் நேராக, "ஸ்டாட்டிக் வேண்டாம், மாறினாலும் பரவாயில்லை, எனக்குப் பொது ஐபி கொடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். ஸ்டாட்டிக் ஐபியும் பொது ஐபியும் ஒன்றல்ல, ஆனால் கவுண்டரில் இருப்பவர் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார். ஸ்டாட்டிக்தான் ஒரே வழி என்று சொன்னால், அந்தக் கட்டணத்தில் நீங்கள் உண்மையில் வாங்குவது மாறாத முகவரியை அல்ல, சிஜி-நாட்டிலிருந்து விடுதலையை. கட்டலாமா என்று அப்படிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கட்டாமல் போகும் வழியும் உண்டு. உங்கள் இணைப்பில் ஐபிவி6 இருந்தால் பை-க்கே தனியாக ஒரு பொது முகவரி கிடைத்திருக்கும், அங்கே சிஜி-நாட் குறுக்கே வராது. ஆனால் டக்டிஎன்எஸ் அந்த முகவரியைத் தானாகக் கண்டுபிடிக்காது. மேலே உள்ள வரியில் `ipv6=` என்று நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ரூட்டரின் தடுப்புச் சுவரிலும் வழி விட வேண்டும். பார்க்கிறவரின் இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும், அலுவலக வைஃபைகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

உங்கள் விஷயத்தில் படங்களைப் பார்ப்பது குடும்பத்தார் நாலைந்து பேர்தான் என்றால், கருவிகளைத் தனி வலையாகக் கோக்கும் டெயில்ஸ்கேல் செயலியைப் பை-யிலும் அவரவர் கைப்பேசியிலும் போட்டுவிடுவது எல்லாவற்றையும்விட எளிது. சிஜி-நாட் இருந்தாலும் வேலை செய்யும், ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம், தனிப்பட்ட பயன்பாட்டுக்குக் கட்டணமும் இல்லை. செயலி போடாத உறவினருக்கும் இணைப்பு அனுப்ப வேண்டும் என்றால் மட்டும் இது ஒத்துவராது. வீட்டு சர்வரைத் தங்கள் சர்வர் வழியாக வெளியே காட்டும் கிளவுட்ஃபிளேர் டனலையும் பலர் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கையில் 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது. உலாவி வழியாகக் கல்யாண வீடியோவை ஏற்றும்போது அந்த வரம்பு எங்கேயாவது இடிக்கலாம்.

கேள்வி: என் தம்பி இதே மாதிரி ஒரு வீட்டு சர்வரை டைனமிக் டிஎன்எஸ் பெயரில் அமைத்துக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். நேற்றிலிருந்து அந்தப் பெயரை அடித்தால் உலாவி பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகிறது. மீறிப் போனால் ஏதோ தெரியாத ரூட்டரின் லாகின் பக்கம் வருகிறது. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

— வாசகி, மதுரை

பதில்: ஹேக்காக இருக்க வாய்ப்பு குறைவு. முகவரியைப் புதுப்பிக்கும் வேலை நின்றுபோயிருக்கும். உங்கள் பழைய முகவரியை நிறுவனம் வேறொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கும். உங்கள் பெயர் இன்னும் அந்தப் பழைய முகவரியையே சொல்கிறது, நீங்கள் பார்த்தது அவர் வீட்டு ரூட்டர். அந்த எச்சரிக்கையும் இதனால்தான் வந்தது: உங்கள் பெயருக்கான சான்றிதழ் அவரிடம் இல்லை. இனி அதை மீறிப் போகாதீர்கள், அந்தப் பக்கத்தில் எதையும் தட்டச்சவும் வேண்டாம்.

தம்பியைக் கூப்பிட்டு, எந்தச் சேவை, அதன் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று கேளுங்கள். நோ-ஐபி இலவசக் கணக்காக இருந்தால் 30 நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சலில் வரும் இணைப்பைச் சொடுக்கிப் பெயரை உறுதி செய்ய வேண்டும். ஆனால் அதைத் தவறவிட்டால் பெயரே வேலை செய்யாமல் போகும், அடுத்தவர் ரூட்டர் வராது. ஆகவே உங்கள் வீட்டில் நின்றிருப்பது சர்வரில் ஓடும் புதுப்பிப்பு வேலைதான் என்று தோன்றுகிறது. சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டுக் கால்மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் தம்பி சர்வருக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்; வெளிநாட்டிலிருந்து அவன் அந்தப் பெயர் வழியாக வர முடியாது, ரூட்டரில் தெரியும் WAN முகவரியை நீங்கள் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கைப்பேசிச் செயலியில் சர்வர் முகவரி `https://` என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் சான்றிதழ் பொருந்தாததால் செயலி கடவுச்சொல்லை அனுப்பியிருக்காது. வெறும் `http://` என்று இருந்தால், நேற்றிலிருந்து உங்கள் கடவுச்சொல் அந்த வீட்டு ரூட்டருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம். அதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.