இருப்பாய்வு பொருந்துகிறது என்பதற்காகக் கையெழுத்திடலாமா?

கேள்வி: நானும் என் கூட்டாளியும் சம பங்கில் தொழில் நடத்தினோம். கணக்குகளைக் கையால் எழுதியவர் அவர். இப்போது நான் விலகுகிறேன். எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் பட்டியலிட்டு, இருபக்கமும் 48,60,000 என்று பொருந்தும் இருப்பாய்வு ஒன்றைக் காட்டி, ‘பொருந்திவிட்டது, கணக்கில் தவறே இல்லை’ என்கிறார். கணக்குத் தீர்வுப் பத்திரத்தில் கையெழுத்தும் கேட்கிறார். இருப்பாய்வில் வரவுப் பக்கம் ‘அனாமத்துக் கணக்கு 27,000’ என்று ஒரு வரி இருக்கிறது. நான் கையெழுத்திடலாமா? பிறகு தவறு தெரிந்தால் வழக்குத் தொடர முடியுமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். வழக்குத் தொடரலாம்தான், ஆனால் கையெழுத்திட்ட பிறகு அந்த வழி மிகவும் குறுகிவிடும். இருதரப்பும் ஒப்புக்கொண்டு முடித்த கணக்கை நீதிமன்றங்கள் எளிதில் மறுபடி திறப்பதில்லை. மோசடியோ கணிசமான பிழையோ நடந்ததை நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன் ‘கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேட்பது உரிமை. பின்பு கேட்டால் அது குற்றச்சாட்டு.

அந்த அனாமத்துக் கணக்கிலிருந்து தொடங்குவோம். இருப்பாய்வு தானாகப் பொருந்தியிருந்தால் அந்த வரிக்கே வேலையில்லை. வரவுப் பக்கம் 27,000 குறைந்திருக்கிறது, அதை நிரப்பத்தான் அந்தத் தொகையை அங்கே எழுதியிருக்கிறார். தற்காலிகமாக அப்படிச் செய்வது முறைதான். ஆனால் காரணம் கண்டுபிடிக்காமல் அதை அப்படியே விட்டுவிட்டு ‘தவறே இல்லை’ என்று சொல்வது முறையல்ல.

காரணத்தைத் தேட இரண்டு பழைய வழிகள் உண்டு. வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 13,500 வருகிறது. அந்தத் தொகை வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதிய பதிவாக எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, 27,000 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஒரு வாடிக்கையாளர் 85,000 செலுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். ரொக்க ஏட்டில் 85,000 சரியாக ஏறியது, பேரேட்டில் அவர் கணக்கின் வரவில் 58,000 என்று ஏறிவிட்டது. வரவு 27,000 குறையும், அந்த வாடிக்கையாளர் இன்னும் அவ்வளவு பாக்கி வைத்திருப்பது போலத் தோன்றும். ஒன்பதால் வகுபடுவது துப்புத்தானே தவிர, சான்று அல்ல. ரொக்க ஏட்டையும் பேரேட்டையும் வரி வரியாக ஒப்பிட்டால்தான் முடிவு தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. காரணம் இதுவே என்றால், அனாமத்துக் கணக்கில் 27,000 பற்று, வாடிக்கையாளர் கணக்கில் 27,000 வரவு என்று திருத்தினால் வேலை முடிந்தது. இலாபம் மாறாது, உங்களுக்கு நட்டமும் இல்லை. இருப்பாய்வு காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஒருபக்கத் தவறுகளைத்தான்: கூட்டலில் பிழை, பக்கம் மாறிய பதிவு, விட்டுப்போன ஒரு பேரேட்டு இருப்பு. அதாவது கவனக்குறைவு. வேண்டுமென்றே மறைப்பவர் இரண்டு பக்கத்தையும் சரியாக எழுதுவார், அல்லது இரண்டையுமே எழுத மாட்டார். இருப்பாய்வு கேட்பதோ ஒரே கேள்வி: பற்றுகளின் மொத்தமும் வரவுகளின் மொத்தமும் சமமா?

உங்கள் கூட்டாளி தம் வீட்டைப் புதுப்பிக்க 1,20,000 செலவிட்டு, அதைத் தொழிலின் ‘பழுதுபார்ப்புச் செலவு’ கணக்கில் எழுதியிருந்தால் என்ன ஆகும்? அது, தொழிலிலிருந்து சொந்தத் தேவைக்கு எடுத்ததை எழுதும் அவருடைய எடுப்புகள் கணக்கில் பற்றாகியிருக்க வேண்டும். செலவும் பற்று, எடுப்பும் பற்று. பற்றுக்குள்ளேயே இடம் மாறியதால் 48,60,000 அசையாது. ஆனால் இலாபம் 1,20,000 குறையும், அதில் உங்கள் பாதி 60,000 போய்விடும். அவர் வீட்டுச் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ரொக்க விற்பனை ஒன்று 90,000-க்கு நடந்து ஏட்டில் ஏறாமலே போனால், இரு மொத்தங்களும் ஒரே அளவு குறைவாக நிற்கும், அப்போதும் பொருந்தும். உங்கள் இழப்பு 45,000. இந்த இரண்டும் சேர்ந்து 1,05,000 போகிறது, இருப்பாய்வில் சிறு கீறல்கூட விழவில்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சரக்கிருப்பை ஆண்டு முடிவில் மட்டும் எண்ணி மதிப்பிடும் கணக்குமுறையில், இறுதிச் சரக்கிருப்பு வழக்கமாக இருப்பாய்வுக்குள் வருவதே இல்லை. கீழே ஒரு குறிப்பாக நிற்கும். அதைக் குறைத்து மதிப்பிட்டால் இலாபம் அதே அளவு குறையும். மேலே உள்ள மொத்தங்களுக்கு அதனோடு சம்பந்தமே கிடையாது. ஆகவே சரக்கை நீங்களும் உடனிருந்து எண்ண வேண்டும், மதிப்பிட்ட முறையையும் எழுதி வாங்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் இந்த இருப்பாய்வு, அவர் எழுதிய பேரேட்டிலிருந்து அவரே எடுத்த பட்டியல். பேரேடு உண்மை என்பதற்கு அது சான்றாகாது. ஆனால் அவருக்கு எதிராக அது பயன்படும். ‘பழுதுபார்ப்புச் செலவு இவ்வளவு’ என்று அவரே ஒப்புக்கொண்ட தாள் அது. எனவே தேதியும் கையெழுத்தும் உள்ள பிரதியாகக் கேளுங்கள், முந்தைய ஆண்டுகளுடையதையும் சேர்த்து. சென்ற ஆண்டைவிட ஒரு செலவுக் கணக்கு திடீரென்று வீங்கியிருந்தால் அதன் சான்றுச் சீட்டுகளை முதலில் எடுங்கள். வேலை நடந்த முகவரி பெரும்பாலும் அந்தச் சீட்டிலேயே இருக்கும். ஏறாத விற்பனையைப் பேரேட்டில் தேடிப் பயனில்லை, இல்லாததை அது காட்டாது. விற்பனைச் சீட்டுகளின் வரிசை எண்ணில் விட்டுப்போனவை உண்டா, சரக்கு அனுப்பிய குறிப்புகளுக்கு நிகராக விற்பனைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி அறிக்கையை அவர் கையிலிருந்து வாங்காமல் வங்கியிடமிருந்தே பெறுங்கள். பாக்கி வைத்திருப்பவர்களிடம் இருப்பை உறுதிசெய்து கடிதம் கேளுங்கள். ஒருவர் செலுத்திய பணத்தை இன்னொருவர் கணக்கில் ஏற்றியிருந்தால், இருப்பாய்வு சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

ஏடுகளைப் பார்வையிடுவதும் உண்மையான கணக்கைக் கேட்பதும் கூட்டாளிக்குப் பொதுவாக உள்ள உரிமை. உங்கள் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் இதற்கு என்ன விதி என்று முதலில் படித்துவிட்டு, எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் ‘மோசடி’ என்ற சொல் வேண்டாம். கையில் சீட்டு இல்லாமல் அப்படி எழுதினால், கணக்கு விவகாரம் போய் அவதூறு விவகாரம் முன்னே வந்து நிற்கும். ‘27,000-க்கு விளக்கமும் கீழ்க்கண்ட கணக்குகளுக்குச் சான்றுச் சீட்டுகளும் தேவை, அவற்றைப் பார்த்த பிறகே தீர்வு’ என்ற அளவில் நிறுத்துங்கள்.

அவசரமாகப் பணம் தேவைப்பட்டால், சர்ச்சையில்லாத தொகையை முன்பணமாகப் பெற்றுக்கொள்ளலாம். ரசீதில் ‘முழுத் தீர்வு அல்ல, கணக்குச் சரிபார்ப்புக்கு உட்பட்டது’ என்று உங்கள் கைப்பட எழுதி, அதன் கீழே அவருடைய கையெழுத்தையும் வாங்குங்கள். கணக்குக் கோரும் வழக்குக்குக் காலவரம்பு உண்டு. அது எத்தனை ஆண்டு, எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்பதை உங்கள் பகுதி வழக்கறிஞரிடம் இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டாளி ஏடுகளைத் தர இழுத்தடித்தாலும் அந்தக் காலம் ஓடிக்கொண்டே இருக்கலாம்.