பர்மியத்தில் கேளுங்கள், தமிழில் பதில் வாங்குங்கள்

கேள்வி: ஐயா, மோல்மேன் பக்கத்தில் ஒரு கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகள், இருபது பேர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பர்மியம். நான் தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்கிறார்கள். தமிழில் பேசினாலும் "நான் போனது", "அக்கா வந்தான்" என்று வருகிறது. வகுப்பில் பர்மியம் ஒரு சொல்கூட வரக்கூடாது என்கிறது கமிட்டி. இரண்டு மொழியையும் கலந்து ஏதாவது செய்யலாமா? செய்தால் தமிழ் கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. ஆனால் கலப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இப்போது உங்கள் வகுப்பில் நடப்பதும் கலப்புதான், திசைதான் தப்பு. நீங்கள் தமிழில் கேட்கிறீர்கள், பிள்ளைகள் பர்மியத்தில் சொல்கிறார்கள். அதாவது தமிழ்ப் பயிற்சி முழுக்க உங்களுக்குப் போய்ச் சேர்கிறது. அதைத் திருப்பிப் போடுங்கள். கேள்வி பர்மியத்தில் இருக்கட்டும், பதில் தமிழில் வரட்டும்.

இன்னொரு பழக்கத்தையும் இப்போதே விடச் சொல்கிறேன். தமிழில் ஒரு வாக்கியம் சொல்லி உடனே அதையே பர்மியத்தில் சொல்லாதீர்கள். இரண்டாவதாக வருவது தங்களுக்குப் புரிகிற மொழி என்று தெரிந்ததும், முதலாவதைக் கேட்பதைப் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். பர்மியம் எங்கே வரும், எங்கே வராது என்பதை வகுப்பு தொடங்கும் முன்பே நீங்கள் முடிவு செய்துவிட வேண்டும்.

இனி "நான் போனது" விஷயம். பர்மியத்தில் சந்தைக்கு ஸே-கோ, போவதற்கு த்வா-தே. அண்ணன் போனாலும், அக்கா போனாலும், நாய் போனாலும், நானே போனாலும் அதே த்வா-தேதான். தமிழில் போனான், போனாள், போனது, போனேன் என்று வினையின் வால் மாறிக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க வால் இல்லாத மொழியில் எழுதிப் படிக்கிற பிள்ளை, தமிழுக்கு வரும்போது கையில் கிடைத்த வாலை ஒட்டிவிடுகிறது. உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது: சொற்கள் வரும் வரிசை இரண்டிலும் ஒன்று. யார், எங்கே, கடைசியில் வினை. "அகோ ஸே-கோ த்வா-தே" என்பதை அப்படியே இடமிருந்து வலமாக "அண்ணன் சந்தைக்குப் போனான்" என்று அடுக்கலாம். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நடக்காது. (இதைப் பார்த்துவிட்டு, தமிழிலிருந்துதான் பர்மியம் பிறந்தது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். பர்மியம் திபெத்தியத்தோடு சேர்ந்த வேறு குடும்பம்.)

விளையாட்டு இதுதான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அட்டைகள் செய்யுங்கள். தமிழுக்கு: அண்ணன், அக்கா, நாய், நான், சந்தைக்கு, போனான், போனாள், போனது, போனேன். பர்மியத்துக்கு: அகோ, அமா, க்வே, ஸே-கோ, த்வா-தே. நான் என்பதற்கு இரண்டு அட்டை வேண்டும், ஆண்பிள்ளை சனோ என்பான், பெண்பிள்ளை சமா என்பாள். பர்மிய அட்டைகளைப் பிள்ளைகளே பர்மிய எழுத்தில் எழுதட்டும். நான் உங்களுக்காகத்தான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், அட்டையில் அப்படி எழுதிவிடாதீர்கள். வினை அட்டையை வெட்டி வாலைத் தனியாக எடுக்கத் தோன்றும். முயல வேண்டாம், நம் எழுத்தில் "னா", "னே", "ன" எல்லாம் வேறு வேறாக நிற்பதால் வெட்ட வராது. முழுச் சொல்லாக எழுதி, கடைசிப் பகுதியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டால் போதும்.

இரண்டு வரிசை. முன்னால் பர்மிய வரிசையில் மூன்று பேர், பின்னால் தமிழ் வரிசையில் "சந்தைக்கு" அட்டையோடு ஒருவன் மட்டும் நடுவில். போனான், போனாள், போனது, போனேன் அட்டைக்காரர்கள் சுவரோரம் காத்திருக்கட்டும். நீங்கள் பர்மியத்தில் "நேற்று" என்பதற்கு மனேக என்று சொல்லித் தொடங்கி, "மனேக அமா ஸே-கோ த்வா-தே" என்று ஒரே தடவை சொல்லுங்கள். பர்மிய வரிசையில் முதல் ஆள் மட்டும் மாறுவான். தமிழ் வரிசையில் அக்கா ஓடி வந்து முன்னால் நிற்க வேண்டும், சுவரோரத்திலிருந்து சரியான வினை ஓடி வந்து கடைசியில் நிற்க வேண்டும். பிறகு வரிசை முழுவதும் சேர்ந்து தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். நாலைந்து சுற்றுக்குள் த்வா-தே அட்டைக்காரன், "சயாமா, எனக்கு வேலையே இல்லையே" என்பான். அவன் அப்படிச் சொன்னதும் நிறுத்தி, ஏன் வேலை இல்லை என்று வகுப்பைக் கேளுங்கள். அந்தக் காரணத்தை அவர்கள் பர்மியத்திலேயே சொல்லட்டும். விதி புரிய வேண்டிய இடம் அது, அங்கே மொழி தடையாக இருக்கக்கூடாது.

மனேக என்ற சொல்லை ஒருபோதும் விடாதீர்கள். த்வா-தே என்றால் போனான் என்றும் வரும், போகிறான் என்றும் வரும். நேற்று என்று சொல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் போகிறான் அட்டையைத் தேடுவார்கள், நீங்கள் தப்பு என்பீர்கள், தப்பு உங்களுடையதாக இருக்கும்.

முக்கால் மணி வகுப்பில் இதற்கு இருபது நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, நேற்று நீ எங்கே போனாய் என்று ஒவ்வொருவரையும் பர்மியத்தில் கேளுங்கள். பதில் தமிழில், முழு வாக்கியமாக. ஒரு சொல்லில் பதில் வந்தால் ஏற்காதீர்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குப் பெரிய அநியாயம் செய்கிறார்கள். "அக்கா வந்துச்சு", "தங்கச்சி போச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பர்மியத்தின் பாதிப்பு அல்ல. இராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அந்த ஊர்களில் இன்றைக்கும் உரிமையுள்ள பெண்களை அப்படித்தான் சொல்கிறார்கள். சின்னப் பையனையும் "தம்பி வந்துச்சு" என்பார்கள். அது பாட்டியிடம் வாங்கிய நல்ல தமிழ். அதைத் திருத்தினால், வீட்டில் பேசுவது தப்பு என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும், வீட்டிலும் பர்மியத்துக்கு மாறிவிடும். அப்படியானால் எது பாதிப்பு, எது பாட்டி என்று எப்படிப் பிரிப்பது? "நான்" வைத்துப் பாருங்கள். எந்த ஊர்த் தமிழிலும் "நான் வந்துச்சு" கிடையாது. அக்காவுக்கு வந்துச்சு, தனக்கு வந்தேன் என்று சொல்கிற பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. எழுதும்போது மட்டும் வந்தாள் என்று எழுதச் சொல்லிக்கொடுங்கள். தனக்கும் வந்துச்சு என்கிற பிள்ளைக்குத்தான் அட்டை விளையாட்டு. "அக்கா வந்தான்" என்பதும் பாட்டியிடம் வந்ததல்ல, அதையும் இந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் மாதக் கடைசியில் முன்னேற்றம் பார்க்க வேண்டுமென்றால் பரீட்சை வேண்டாம். பிள்ளைகள் தங்களுக்குள் பேசும்போது "நான்" என்று தொடங்குகிற வாக்கியங்களை மட்டும் காது கொடுத்துக் கேட்டு, வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.

அடுத்து புத்தகம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கமிட்டிக்குள் கட்டாயம் வரும். தமிழை பர்மிய எழுத்தில் அச்சடித்த சிறுபுத்தகங்களோடு ஒருவர் வருவார். பிள்ளைகள் ஒரே வாரத்தில் வாசிப்பார்கள் என்பார். வாசிப்பார்கள்தான், எதை வாசிப்பார்கள் என்று பாருங்கள். "ர" என்ற நம் எழுத்துக்கு அவர்கள் போடுகிற பர்மிய எழுத்தை இன்றைய பர்மியத்தில் பெரும்பாலும் "ய" என்றே சொல்கிறார்கள். ரங்கோன் என்று தாத்தா சொன்ன ஊரைப் பிள்ளை யாங்கோன் என்பது அதனால்தான். ண, ள இரண்டுக்கும் பர்மிய எழுத்து உண்டு, பாலிச் சொற்களுக்காக வைத்திருப்பது, ஒலியில் ன, ல தான். சொல்லின் கடைசியில் ல் எழுதினாலும் வாய்க்கு வராது. போஜோக் மார்க்கெட்டின் பெயரை பர்மியத்தில் எழுதும்போது உள்ளே ஒரு ல் இருக்கிறது, யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பால், கால், பல் எல்லாம் அந்தப் புத்தகத்தில் வால் அறுந்துதான் வெளியே வரும். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொரு ஆள், சென்னைப் பாடத்திட்டம், சென்னைச் சான்றிதழ் என்று தலைக்கு இவ்வளவு கியாட் என வசூலிக்க வருவார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் tamilvu.org தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. சான்றிதழ் வேண்டியவர்கள் நேரடியாக அவர்களையே கேட்கலாம், நடுவில் கமிஷனுக்கு ஆள் தேவையில்லை.

எழுத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள், அதற்கும் பர்மியம் உதவும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றாலும் பின்னால் ஒலிக்கிறதே என்று தமிழ்நாட்டுப் பிள்ளை குழம்பும், உங்கள் பிள்ளை குழம்பாது. பர்மியத்தில் தவே-டோ என்ற குறியும் அப்படியே முன்னால் நிற்கிறது. அதோடு பின்னால் ஒரு காலும் சேர்ந்தால் வேறு ஒலி என்பதும் அவர்களுக்குப் பழக்கம். கொ, கோ சொல்லிக்கொடுக்கும் அன்று அதைப் பலகையில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் வேலை பாதியாகும்.

கமிட்டியைப் பற்றி என்ன சொல்ல. 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே தமிழ் கோயில் மண்டபத்தில்தான் பிழைத்தது. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் ஆண்டுவிழாவில் பொருள் தெரியாமல் இருபது குறள் ஒப்பிக்கும் பிள்ளைக்குக் கோப்பை கொடுப்பார்கள், "நான் போனேன்" என்று முதல் தடவையாகச் சரியாகச் சொன்ன பிள்ளையை யாரும் மேடையேற்றுவதில்லை. பயிற்சி பெற்ற தமிழாசிரியர் யார் என்று கேட்டால் பதில் வராது. பர்மியம் கூடாது என்று கண்டிப்பாகப் பேசுகிறவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள். அவர்களிடம் "கலப்பு" என்ற பேச்சையே எடுக்காமல், ஒரு ஞாயிறு கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் அவர்களை வகுப்பில் உட்கார வையுங்கள். பதில்கள் தமிழில் வருவதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

முதல் மாதத்துக்கு மூன்று வினை போதும்: போ, வா, சாப்பிடு. பர்மியத்தில் த்வா-தே, லா-தே, சா-தே. "வாங்கு" எளிதாகத் தெரியும், இப்போதைக்கு எடுக்க வேண்டாம். வாங்கினான், வாங்கினாள் என்று வந்துகொண்டிருந்துவிட்டு எழுத்தில் வாங்கியது என்று திரும்பும், பழகாத பிள்ளை அங்கே வழுக்கும். இரண்டாவது மாதம் "சாப்பிட்டு முடிச்சாச்சா"வை எடுங்கள். அதற்கு பர்மியத்தில் சா-பீ-பீ-லா. சாப்பிடு, முடி, ஆச்சு, ஆ என்று துண்டுக்குத் துண்டு பொருந்தும். அந்த அட்டைகளைப் பிள்ளைகளே செய்து கொண்டுவரட்டும்.