பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள்

கேள்வி: பர்னிச்சர் கடையில் கொட்டேஷன் மெயில் அனுப்புவது என் வேலை. படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். ஆனாலும் அனுப்பின பிறகுதான் தப்பு கண்ணில் படுகிறது. எதை, எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பழைய கொட்டேஷனைத் திறந்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றித்தானே புதியதைத் தயாரிக்கிறீர்கள்? அப்படியானால் தப்பு பெரும்பாலும் மாற்ற மறந்த இடத்தில்தான் இருக்கும். அங்கே இருப்பது ஒழுங்கான வாக்கியம் என்பதால் படிக்கும்போது உறுத்தாது. அதனால் மெயிலை மேலிருந்து கீழே படிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

முதலில் எண்கள். 48 நாற்காலி, ஒன்று 3,250 ரூபாய். 18 சதவீத வரியோடு மொத்தம் 1,84,080. வாடிக்கையாளர் பேரம் பேசி விலையை 3,150 ஆக்குகிறார். எக்செல் உடனே 1,78,416 என்று மாற்றிவிடும். ஆனால் அதன் கீழே நீங்கள் கையால் அடித்த ‘ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து எண்பது’ அப்படியே நிற்கும். நான் ஒருமுறை இப்படி அனுப்பி, எந்தத் தொகை சரி என்று மூன்று நாள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசி வரிசைக்குக் கீழே ‘டெலிவரி செலவு’ சேர்த்தால் அது கூட்டலுக்குள் வராமல் போவதும் உண்டு. மொத்தத்தை ஒருமுறை கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து பெயர். வாடிக்கையாளரின் மெயில் அடியில் அவரே எழுதியிருக்கும் பெயரைக் காப்பி செய்யுங்கள். லக்ஷ்மி என்பவர் ஆங்கிலத்தில் எக்ஸ் போடுகிறாரா, கே.எஸ்.எச். போடுகிறாரா என்பது அவருக்கு முக்கியம். அப்புறம், பழைய வாடிக்கையாளரின் பெயரைக் கோப்பு முழுவதும் தேடுங்கள்.

இணைப்பைச் சேர்த்தபின், மெயிலுக்குள்ளிருந்தே அதைத் திறந்து பாருங்கள். உங்கள் டெஸ்க்டாப்பில் திறந்திருப்பது வேறு பிரதியாக இருக்கலாம். பி.டி.எஃப்.பை பிரௌசரில் திறந்தால் மேலே டேபில் பழைய வாடிக்கையாளரின் பெயர் தெரியக்கூடும். வேர்டில் கோப்பின் ‘டைட்டில்’ மாற்றப்படாததுதான் காரணம்.

தொனிக்கு ஒரு சோதனை போதும்: வாய்விட்டுப் படியுங்கள். ‘ஏற்கெனவே சொன்னபடி’ என்பது சொல்லிக்காட்டுவதுபோல் கேட்கும். அதை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் மறுபடி சொன்னால் போதும்.

எல்லாம் முடிந்தபின் முகவரி. இரண்டெழுத்து அடித்ததும் மெயில் தானாக நீட்டும் பெயரை நம்பாமல், @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள். பழைய மெயில் தொடரில் பதில் போடுகிறீர்கள் என்றால் அடிவரை இறங்கிப் பாருங்கள். முதலாளியோடு பேசிய கொள்முதல் விலை அங்கே கிடக்கலாம்.

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை அமைப்புகளில் 30 வினாடியாக மாற்றி வையுங்கள். நீங்களாக மாற்றாதவரை 5 வினாடிதான் கிடைக்கும்.